வெள்ளிக்கிழமை மாத்திரை

வெளிநாடு போகிறவர்கள் முதலில் பாஸ்போர்ட்டைத் தேடுவார்கள். எங்கள் மரக்காணம் கடைத்தெருவில் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். துபாயோ, குவைத்தோ, ஊரை விட்டுக் கிளம்புமுன் ஆடுகிற பல், குத்துகிற பல், சொத்தைப் பல் எல்லாவற்றையும் இங்கேயே தீர்த்துக்கொண்டு விட வேண்டும். அங்கே போய்ப் பல்லைத் தொட்டால் ஒரு மாதச் சம்பளம் காலி என்று எவரோ வந்து சொன்னதிலிருந்து இது எங்கள் ஜனங்களுக்குச் சட்டம் ஆகிவிட்டது. கல்ஃபுக்குப் போகும் பையன்கள் முகச்சவரம் செய்துகொள்கிற மாதிரி போய் ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருவார்கள்.

இரண்டாயிரத்து ஆறில் எனக்கும் அந்த யோகம் வந்தது. மகள் சார்ஜாவில் இருந்தாள். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்று தொட்டிலுக்கு எங்கே கயிறு கட்டலாம் என்றுகூட நான் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, விமானத்தில் ஏறக் கூடாது, முடிந்தவரை படுத்தே இருக்க வேண்டும் என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். அவள் போனில் அழுதாள். நான் யோசிக்கவே இல்லை. "நீ வர முடியலைன்னா நான் வர்றேன்டி" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நான்! விமானத்தில்! அதுவரை நான் போன அதிகபட்ச தூரம் சென்னை விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவு. அதற்கு இந்தப் பக்கம் நின்று மகளுக்குக் கை காட்டி அழுததோடு சரி.

அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்களுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஃபேன்சி ஸ்டோர். வளையல் வாங்க வருகிறவர்களிடம், ரிப்பன் வாங்க வருகிறவர்களிடம், வழி கேட்க வருகிறவர்களிடம்கூட நான் சார்ஜா போகும் செய்தியைச் சொன்னேன். "பொட்டு பாக்கெட் வாங்க வந்த பொண்ணுகிட்ட விசா நம்பர் வரைக்கும் சொல்லிட்டியே" என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அவர் கடையைப் பார்த்துக்கொள்ள இங்கேயே இருப்பதாக ஏற்பாடு. அதில் அவருக்குக் கொஞ்சம் பொறாமை என்று எனக்குச் சந்தேகம்.

அப்புறம் பல். வலது பக்கம் கீழே இரண்டு கடைவாய்ப் பற்கள் பல நாளாகத் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தன. ஈ.சி.ஆர். ஓரத்தில் புதிதாக கிளினிக் போட்டிருந்த டாக்டரம்மாவிடம் போனேன். திண்டிவனத்திலிருந்து வந்துபோகும் சின்னப் பெண். பொறுமையானவள், பஞ்சு வைக்கும்போதுகூட மன்னிப்புக் கேட்கும் ரகம்.

"சுகர் இருக்காம்மா?"

"இல்லை."

"பிரஷர்?"

"அதுவும் இல்லை. எப்பவாவது இளைப்பு வரும், அவ்வளவுதான்."

"வேற ஏதாவது மாத்திரை மருந்து சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணுமே கிடையாது டாக்டரம்மா. மெடிக்கல் ஷாப் பக்கமே நான் போறதில்லை" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. இந்த வயதில் மாத்திரை இல்லாமல் நடமாடுகிறவள் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு.

பொய் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். சத்தியமாக எனக்கு ஞாபகம் வரவில்லை. காரணம் இருக்கிறது.

அதற்கு நாலைந்து வருஷம் முன்பு மழை நாளில் கடைப் படியில் வழுக்கி, கையை ஊன்றி உட்கார்ந்தேன். விழுந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அதற்கே மணிக்கட்டு முறிந்துவிட்டது. புதுச்சேரியில் எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, "உங்க எலும்பு மெலிஞ்சு போயிருக்கும்மா" என்றார். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இப்படி ஆவது சகஜம், இளைப்புக்காக நான் வருஷக்கணக்கில் விட்டு விட்டுச் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்துகொண்டது என்றார். வாரத்துக்கு ஒரே ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்னொரு முறை விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளாமல் இருக்க அது.

என் மருமகனுக்கு சார்ஜாவில் மருந்துக் கடையில்தான் வேலை. "மாமி, அதை நீங்க அங்க வாங்காதீங்க, நான் அனுப்புறேன்" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு அந்த மாத்திரை எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் கல்ஃப் பெட்டியில். அத்தர் பாட்டில், பாதாம், தலைவலித் தைலம், பளபளா துப்பட்டா, நடுவில் எலும்பு மாத்திரை. அதை நான் பீரோவில் அத்தர் பாட்டில் பக்கத்தில் வைத்திருந்தேன். அப்படி வாசனையாக வரும் பொருளை யாராவது மருந்து என்று நினைப்பார்களா? எனக்கு அது மருமகன் சீர்.

சீரென்றால் நாலு பேருக்குக் கொடுக்க வேண்டாமா? அடுத்த வீட்டில் என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. அண்ணி என்று கூப்பிடுவேன். முட்டி வலி என்று அவர் முனகும்போதெல்லாம் அட்டையில் இரண்டு கத்தரித்துக் கொடுப்பேன். "ஃபாரின் மாத்திரை அண்ணி, எலும்புக்கு நல்லது." அவரும் பேரீச்சம்பழம் வாங்குவதுபோல் வாங்கிக்கொள்வார்.

நான் போட்டுக்கொள்வது வெள்ளிக்கிழமை. ஜும்மா நாள் என்றால் மறக்காது. விடியற்காலை சுபுஹு தொழுகை முடித்துவிட்டு, வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு முழுங்க வேண்டும். டீ கூடாது, பால் கூடாது, அதே பெட்டியில் வரும் கால்சியம் மாத்திரைகூடக் கூடாது. சேர்த்தால் உடம்பில் ஏறாமலே போய்விடும். அதைவிட முக்கியம், முழுங்கிய பிறகு அரை மணி நேரம் படுக்கவே கூடாது. மாத்திரை தொண்டைக் குழாயில் தங்கினால் உள்ளே புண்ணாக்கிவிடுமாம். மருமகன் போனில் இதை அவ்வளவு அழுத்திச் சொல்லியிருந்தார். உட்கார்ந்தால் எங்கே சுவரில் சாய்ந்து கண்ணசந்துவிடுவேனோ என்று பயந்து நான் வாசலில் போய் நின்றுவிடுவேன். அரை மணி நேரம், விறைப்பாக, கவர்னர் வீட்டு வாசல் போலீஸ் மாதிரி. கூடையோடு வரும் மீன்காரம்மா, "என்ன பாய்வூட்டம்மா, யாருக்கோ காத்துக்கினு இருக்கீங்களே" என்று வாராவாரம் கேட்பாள். எனக்குச் சிரிப்புத் தாங்காது. வாராவாரம் சிரிப்பேன்.

இவ்வளவு சடங்கு செய்தும் அது மருந்து என்று எனக்குத் தோன்றவே இல்லை.

டாக்டரம்மா ஒரு பல்லை எடுத்தாள். வலியே இல்லை. இன்னொன்றைப் புண் ஆறிய பிறகு எடுக்கலாம் என்றாள். பஞ்சைக் கடித்துக்கொண்டே கடைக்கு வந்து, பேச முடியாததால் சைகையாலேயே வருகிறவர்களுக்கு விமானம் பறக்கிற மாதிரி காட்டிக்கொண்டிருந்தேன்.

புண் ஆறவில்லை. முதலில் வலி. டாக்டரம்மா கழுவி, மருந்து வைத்து, மாத்திரை கொடுத்தாள். கொஞ்சம் தேவலை. பிறகு ஒரு வாடை. பேசும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ள ஆரம்பித்தேன். அப்படியே வாரங்கள் ஓடின. ஒரு நாள் நாக்கை அந்தப் பக்கம் கொண்டுபோனபோது கரடுமுரடாக ஏதோ தட்டியது. கண்ணாடியில் பார்த்தால் குழிக்குள் வெள்ளையாக ஒன்று. சோற்றுப் பருக்கைதான் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். கடையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்துக் குத்தி எடுக்கப் பார்த்தேன். பருக்கை நகரவில்லை. டக் டக் என்று சத்தம் கேட்டது.

டாக்டரம்மா பார்த்த மாத்திரத்தில் முகம் மாறினாள். "ம்மா, இது சோறு இல்ல. எலும்பு."

"யாரு எலும்பு?"

"உங்க தாடை எலும்புதாம்மா. மேல சதை மூடவே இல்லை. நீங்க புதுச்சேரியில பெரிய டாக்டரைப் பாத்துடுங்க. நான் லெட்டர் தர்றேன்."

அன்று ராத்திரி வீட்டுக்காரர் சாப்பிடாமல் எழுந்து போனார். அண்ணி வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெரிய வியாதியின் பெயரைச் சொல்லாமல், அது வந்த தன் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் கதையை முழுசாகச் சொன்னார். எனக்கு பயம் வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வியாதிக்குப் பயந்ததைவிட, சார்ஜாவில் படுத்த படுக்கையாய் இருக்கும் பெண்ணுக்கு இது தெரிந்துவிடக் கூடாதே என்பதுதான் பெரிய பயம். "அவகிட்ட யாரும் வாயைத் தொறக்கக் கூடாது" என்று எல்லோரிடமும் சொன்னேன். வாய் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அப்படிச் சொன்னதை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. அண்ணி முறைத்தார்.

புதுச்சேரிக்கு முதல் பஸ்ஸில் கிளம்பினோம். ரத்தம் எடுப்பார்கள், வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்று நானே முடிவு செய்திருந்தேன். அது வெள்ளிக்கிழமை. பரபரப்பில் மாத்திரையை வீட்டில் போடவில்லை. ஆனால் பையில் போட்டு எடுத்து வந்திருந்தேன். பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்ததும், வெறும் வயிறு வீணாகிறதே என்று தோன்றியது. பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்து மாத்திரையை முழுங்கினேன். முழுங்கி வாயைத் துடைப்பதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தாடை சர்ஜன் ஐம்பது வயதுக்காரர். மீசைக்குள் சிரிக்கிறவர். நாற்காலியில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். அவர் காலால் ஏதோ ஒரு பெடலை மிதித்தார். நாற்காலி என்னை ஏந்திக்கொண்டு மெதுவாகப் பின்னால் சாய ஆரம்பித்தது.

"சாய்க்காதீங்க டாக்டர்!" என்று கத்தினேன்.

அவர் பயந்துபோய்க் காலை எடுத்தார். "என்னம்மா, தலை சுத்துதா?"

"இல்ல, அரை மணி ஆகல!"

"எதுக்கு அரை மணி?"

"படுக்கக் கூடாது. நிமிந்துதான் இருக்கணும்." சாய்ந்த நாற்காலியில் முதுகு படாமல் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தேன். தலை விளக்கில் இடித்தது. வீட்டுக்காரர் கதவோரத்திலிருந்து, "டாக்டர், அவ எப்பவுமே இப்படித்தான்" என்று சமாதானம் சொன்னார்.

டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை நேராக்கினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"வெறும் வயித்துல போட்டீங்களா?"

"ஆமாம்."

"ஒரு டம்ளர் நிறையத் தண்ணியோட?"

"ஆமாம்."

"வாரத்துக்கு ஒண்ணு?"

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அது எப்படி டாக்டர் உங்களுக்குத் தெரியும்?"

"எத்தனை வருஷமா?"

"கை உடைஞ்சதுலேருந்து. நாலஞ்சு வருஷம் இருக்கும்."

அவர் நாற்காலியில் தட்டிக்கொண்டே டாக்டரம்மாவின் கடிதத்தைத் திரும்பப் படித்தார். "மருந்து எதுவும் சாப்பிடுறதில்லைன்னு எழுதியிருக்காங்களே."

"அது மருந்து இல்லைங்க. மருமகன் அனுப்புறது" என்றேன்.

இப்போது அவர் சிரித்தார். வீட்டுக்காரரும் சிரித்தார். ஓரத்தில் நின்ற நர்ஸ் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு நானும் சிரித்துவிட்டேன். திறந்த எலும்பையும் வைத்துக்கொண்டு அந்த அறையில் நாங்கள் நாலு பேரும் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குக் கன்னம் வலிக்கும்.

பிறகு அவர் விளக்கினார். அவசரமே படாமல் விளக்கினார்.

"எலும்பு கல்லு மாதிரி அப்படியே கெடக்குறதில்லம்மா. உயிரோட இருக்குது. பழைய எலும்பை அரிச்சு எடுக்க ஒரு கூட்டம் செல் இருக்கு. அந்த எடத்துல புதுசு கட்ட இன்னொரு கூட்டம். மரக்காணம்தானே நீங்க? உப்பளத்துல வருஷா வருஷம் மழை முடிஞ்சதும் பழுதான வரப்பை வெட்டிட்டுப் புதுசா மண்ணு போட்டு அணைக்கறாங்க இல்ல, அந்த மாதிரி."

"எனக்கு உப்பளமெல்லாம் தெரியாதுங்க. எங்களுக்கு ஃபேன்சி ஸ்டோர்."

"சரி, விடுங்க. உங்களுக்கு அரிக்கிற கூட்டம் வேகமா இருக்கு, கட்டுற கூட்டம் மெதுவா இருக்கு. அதனாலதான் எலும்பு மெலிஞ்சுது. இந்த மாத்திரை போய் எலும்புலயே உக்காந்துக்கிட்டு அரிக்கிறவங்க கையைக் கட்டிப் போடுது. அதனால எலும்பு தங்குது, இடுப்பு உடையாம காப்பாத்துது. நல்ல மாத்திரைதான். ஆனா பல்லைப் புடுங்கினா அந்தக் குழி ஆறணும் பாருங்க, அதுக்குப் பழசை அரிச்சுத் தள்ளி, புதுசு கட்டியாகணும். அரிக்கிறவன் கை கட்டியிருந்தா வேலை நின்னு போகும். அதுலயும் தாடை எலும்புதான் உடம்புலயே அதிகமா மாறிக்கிட்டே இருக்கறது. மேல மூடியிருக்கறதும் மெல்லிசு சதை. வாயில கிருமிக்கும் பஞ்சமில்ல. அதான் எலும்பு வெளிய தெரியுது."

அப்படியானால் அண்ணியின் சொந்தக்காரர் வியாதி இல்லையா என்று கேட்டேன். வீட்டுக்காரர் கதவோரத்திலிருந்து நாற்காலி பக்கம் வந்து நின்றார். டாக்டர் அரை மணி ஆகும்வரை காத்திருந்து, நாற்காலியைச் சாய்த்து, நன்றாகப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். "அந்த மாதிரி எதுவும் தெரியல. இது மாத்திரையால வந்ததுதான்" என்றார். வாராந்திர மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது ரொம்ப அபூர்வமாம். புற்றுநோய்க்காக இதே வகை மருந்தை நரம்பில் ஏற்றிக்கொள்கிறவர்களுக்குத்தான் அதிகம் வருகிறதாம். இப்போதுதான் டாக்டர்களுக்கே இது தெரியவந்துகொண்டிருக்கிறது, திண்டிவனத்துப் பெண்ணைக் குறை சொல்லாதீர்கள் என்றார். வருஷக்கணக்கில் சாப்பிட்டதும், இளைப்புக்கு ஸ்டீராய்டு சாப்பிட்டதும் சேர்ந்து எனக்கு வந்துவிட்டது. அபூர்வம் என்றதும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அப்ப இன்னைக்கே அந்த எலும்பை வெட்டி எடுத்துடுங்க டாக்டர். எனக்கு சார்ஜா போகணும். பக்கத்துப் பல்லையும் சேர்த்துப் புடுங்கிடுங்க. ஒரே வேலையா முடிஞ்சுடும்" என்றேன்.

"ரெண்டுமே செய்ய மாட்டேன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. எவ்வளவு சண்டை போட்டேன் தெரியுமா! டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பெண்ணுக்கு மாதம் நெருங்குகிறது, அவளுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கக்கூட அங்கே ஆளில்லை. அவர் அசையவில்லை. இப்போது சுரண்டினால் ஆறாத புண் இன்னும் பெரிதாகலாம். பக்கத்துப் பல்லைப் பிடுங்கினால் இன்னொரு குழி, இன்னொரு ஆறாத எலும்பு. அந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து, வேரை அப்படியே விட்டு மேலே மூடிவிட வேண்டும். எலும்பைத் தொடாத வேலை அது, திண்டிவனத்துப் பெண்ணே செய்வாள். வெளியே தெரியும் எலும்பைக் கொப்பளிப்பு மருந்தால் சுத்தமாக வைத்துக்கொண்டால், செத்துப்போன துண்டு தானாகவே பிரிந்து வரலாம். வீங்கினால், சீழ் வந்தால் உடனே வர வேண்டும். சீழ் இல்லை என்று அவர் சொல்லாமல் விமானம் ஏறக் கூடாது.

"எப்ப பிரியும்?"

"அது எலும்போட இஷ்டம்மா."

மாத்திரையை நிறுத்திவிடவா என்று கேட்டதற்கு, "நீங்களா நிறுத்தாதீங்க, நானும் நிறுத்தச் சொல்ல மாட்டேன், எலும்பு டாக்டர்தான் சொல்லணும்" என்றார். நிறுத்தினாலும் அது எலும்புக்குள் வருஷக்கணக்கில் இருக்குமாம். நாளைக்கே புண் ஆறிவிடாது. நிறுத்திவிட்டு இடுப்பை உடைத்துக்கொண்டால் அது வேறு தலைவலி. பிறகு போய்ப் பார்த்தபோது எலும்பு டாக்டர் கணக்குப் பார்த்து, இத்தனை வருஷம் சாப்பிட்டாகிவிட்டது, புண் ஆறும்வரை இடைவெளி விடலாம், கால்சியம் மட்டும் தொடரட்டும் என்றார்.

அன்று பல் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது, மாத்திரையை வேறு யாருக்காவது கொடுத்தீர்களா என்று சர்ஜன் கேட்டார். அண்ணிக்குக் கொடுத்ததை ஒப்புக்கொண்டேன், வீட்டுக்கு வந்து அண்ணியிடமும் சொன்னேன். மறுநாள் காலையில் அண்ணி தலைவிரி கோலமாய் வந்து நின்றார். "அடிப்பாவி, எனக்கு வாயில ஒத்தப் பல்லு இல்லயே, செட்டுல்ல போட்டிருக்கேன்! எனக்கு என்ன ஆகும்?" பல்செட் உரசிப் புண்ணானாலும் இது வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அவரையும் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். எப்போதாவது சாப்பிட்டதற்கு ஒன்றும் ஆகவில்லை. உரசிய இடத்தில் செட்டை ராவிக் கொடுத்தாள். "இவ குடுத்த மாத்திரையில என் பல்செட்டு சரியாச்சு" என்று அண்ணி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

டாக்டரம்மா விஷயம் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழுதுவிடுவாள்போல் இருந்தது. "விடும்மா, நான் அத்தர்னு நெனச்சேன், நீ மருந்தான்னு கேட்ட" என்று நான்தான் சமாதானம் செய்தேன். அன்றிலிருந்து அவள் வருகிறவர்களிடம் கேள்வியை மாற்றிக் கேட்டாள். "வாரத்துக்கு ஒண்ணு, மாசத்துக்கு ஒண்ணு, வருஷத்துக்கு ஒரு ஊசி, ஃபாரின்லேருந்து வந்தது, யாராவது சும்மா குடுத்தது, எதையாவது முழுங்கறீங்களா?" இரண்டாவது பல்லுக்கு அவளே பொறுமையாக வேர் சிகிச்சை செய்து தொப்பி போட்டாள்.

கொப்பளிப்பு மருந்து பற்றி ஒரு வார்த்தை. அதை ஊற்றிக் கொப்பளித்தால் நாக்கு செத்துவிடும். பிரியாணி தின்றால் ஆணி தின்ற மாதிரி இருக்கும். பல்லெல்லாம் டீக்கடை கிளாஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. பரவாயில்லை என்று விடாமல் கொப்பளித்தேன். என் கொப்பளிப்பு கடைவரை கேட்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னார்.

அப்படியும் ஒரு தடவை வீங்கிவிட்டது. டிக்கெட் தேதிக்குச் சில நாள் முன்பு, ஒரு கன்னத்தில் எலுமிச்சம்பழம் ஒதுக்கினதுபோல். சர்ஜன் சீழ் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார், டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொன்னார். அன்றுதான் நான் உண்மையாக உடைந்து போனேன். பஸ்ஸில் வரும்போது கீழ்புத்துப்பட்டு தாண்டும்வரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பெண் தனியாகப் பெற்றுவிடுவாளே என்று அழுதேன். வீட்டுக்காரர் என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போனில் அவளிடம் விசாவில் ஏதோ சிக்கல் என்று சொன்னேன். "சரிம்மா" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. என் மகள் ஒன்றும் கேட்காமல் இருந்தால் எதையோ தெரிந்து வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். அண்ணியைக் கூப்பிட்டு விசாரித்தேன். "நான் ஒண்ணும் சொல்லலம்மா. வாயில எலும்பு தெரியுதுன்னு மட்டும்தான் சொன்னேன்" என்றார்.

நான் மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் விளக்கினேன். மாத்திரை, அரிக்கிற கூட்டம், கட்டுகிற கூட்டம், நாற்காலி. நாற்காலிக் கதைக்கு அவள் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பில் பாதிதான் வந்தது, மீதி எங்கேயோ நின்றுவிட்டது. மருமகனும் எடுத்துச் சொன்னார். "சரி, சரி" என்றாள். அம்மா சிரித்துக்கொண்டே எதையும் மறைப்பாள் என்று அவளுக்குத் தெரியாதா?

வீக்கம் வடிந்தது. ஒரு நாள் காலையில் கொப்பளித்துத் துப்பும்போது வாஷ்பேசினில் கிணுக் என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால், அரிசிக் குருணை இரண்டைச் சேர்த்து வைத்த அளவில், ஓரமெல்லாம் பூச்சி அரித்ததுபோல் ஒரு வெள்ளைத் துண்டு. நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் முகத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். "விழுந்துடுச்சு! விழுந்துடுச்சு!" என்று நான் குதிக்க, "எங்க விழுந்த? கையா, இடுப்பா?" என்று அவர் என்னைத் தடவிப் பார்க்க, அண்ணி பல்செட் போடாமலே வந்து எதற்கென்று தெரியாமலே கூடக் குதித்தார்.

சர்ஜன் அந்தத் துண்டைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். கொஞ்ச நாள் பொறுத்து மறுபடி வரச் சொன்னார். போனபோது இளஞ்சிவப்பாகச் சதை முழுசாக மூடியிருந்தது. "இப்ப போங்கம்மா. அங்க யாராவது பல்லைப் புடுங்கறேன்னு வந்தா மட்டும் இந்த மாத்திரை கதையை முதல்ல சொல்லுங்க" என்றார்.

விமானம் மேலே எழும்பியபோது பக்கத்து சீட்டுப் பையனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து ஏர்ஹோஸ்டஸ் தண்ணீர் கொண்டுவந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இவ்வளவு ஆகாயம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று இருந்தது.

சார்ஜாவில் மருமகன் வந்து அழைத்துப் போனார். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. கதவைத் திறந்து உள்ளே ஓடினேன். மகள் இடது பக்கமாகப் படுத்திருந்தாள். வயிறு முன்னால், அவள் பின்னால். நான் குனிந்து அவள் வயிற்றில் கை வைக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு டார்ச்சை எடுத்தாள்.

"வாயைத் தொறம்மா."

"ஏய், இப்பதான் வந்திருக்கேன், மொதல்ல..."

"தொறம்மா."

கட்டில் ஓரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து திறந்தேன். அவள் டார்ச்சை அடித்து, உதட்டை விரலால் ஒதுக்கி, வலது பக்கம் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள். திரும்ப வலது பக்கம் வந்து அந்த இடத்தை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். எனக்குத் தாடை வலித்தது, எச்சில் வழிந்தது, ஆனால் மூடவில்லை. இத்தனை வாரமும் படுத்த படுக்கையில் இவள் என்னை எத்தனை முறை சாகடித்துப் பார்த்திருப்பாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

டார்ச்சை அணைத்தாள். "ஒண்ணும் இல்லைம்மா" என்று தனக்கே சொல்வதுபோல் சொன்னாள். பிறகு என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதாள்.